இருபது செய்தி, ஒரே இடம்

2009ஆம் ஆண்டு யாஹூவின் முகப்புப் பக்கத்தில் 'டுடே' என்றொரு பெட்டி இருந்தது. பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் போய் நிற்கும் இடம் அது. ஒரு படம், ஒரு தலைப்பு, இரண்டு வரி. அதில் வைப்பதற்காக ஆசிரியர் குழு எந்த நேரத்திலும் ஏறக்குறைய இருபது கட்டுரைகளைத் தயாராக வைத்திருக்கும். ஆனால் முதன்மையான இடம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் வருகிறார்; இருபதில் எதை அவருக்குக் காட்டுவது?

நிறையப் பேர் கிளிக் செய்யும் கட்டுரையைக் காட்டலாம் என்று சொல்வது எளிது. எதை நிறையப் பேர் கிளிக் செய்வார்கள் என்பது காட்டிப் பார்த்த பிறகுதானே தெரியும்! காட்டிப் பார்க்கும்போதும், காட்டிய கட்டுரையைப் பற்றி மட்டுமே தெரியவரும். மற்ற பத்தொன்பதில் ஒன்றைக் காட்டியிருந்தால் அதே மனிதர் என்ன செய்திருப்பார் என்பதற்குப் பதில் ஒருநாளும் கிடைக்காது. போதாக்குறைக்கு, கட்டுரைகளின் ஆயுளோ சில மணி நேரம். எது சிறந்தது என்று நிதானமாக ஆராய்ந்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி பழசாகிவிடும்.

இந்த வகைச் சிக்கலுக்குக் கணிதத்தில் ஒரு விளையாட்டுத்தனமான பெயர் உண்டு. சூதாட்ட விடுதிகளில் காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கும் ஸ்லாட் மெஷினை அமெரிக்கர்கள் 'ஒற்றைக் கைக் கொள்ளைக்காரன்' என்று கேலியாகச் சொல்வார்கள். அப்படிப் பல கைப்பிடிகள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வெற்றி வாய்ப்பு, அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது என்றால் அது 'மல்டி-ஆர்ம்டு பேண்டிட்'. யாஹூ பெட்டியில் கட்டுரைதான் கைப்பிடி, கிளிக்தான் பரிசு.

சிக்கல் கணினிகளைவிடப் பழையது. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் தாம்சன் 1933இலேயே இதை மருத்துவத்தின் வழியாக எழுப்பினார். இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று அறிய வேண்டும். ஆனால் அதை அறிவதற்காகவே மோசமான சிகிச்சைக்குப் பாதி நோயாளிகளைப் பலி கொடுக்கலாமா? 1952இல் ஹெர்பர்ட் ராபின்ஸ் அதற்குத் திட்டவட்டமான கணித வடிவம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டு அறிஞர்கள் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், எதிரி விஞ்ஞானிகளின் மூளையைக் கெடுக்க இதை ஜெர்மனி மீது வீசிவிடலாம் என்று யோசனை சொன்னதாகப் கணிதர் பீட்டர் விட்டில் பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஆகச் சிறந்த விடை வேண்டுமென்றால் கணக்கு உண்மையிலேயே அவ்வளவு கடினம். ஓரளவு நல்ல விடை போதும் என்றால், பள்ளிக் கணிதம் படித்தவரும் எழுதிவிடக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அதுதான் எப்சிலான்-கிரீடி.

அதைப் புரிந்துகொள்ள, எப்சிலான் இல்லாத வெறும் பேராசையை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு கட்டுரைக்கு அ, ஆ, இ என்று மூன்று தலைப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ-வை நூற்றுக்கு 4 பேர் கிளிக் செய்வார்கள். ஆ-வை 5 பேர். இ-யை 8 பேர். இது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் ஒருமுறை காட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சராசரி எதற்கு அதிகமோ அதையே காட்டு என்று கணினியிடம் சொல்கிறோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

முதல் வாசகருக்கு அ போகிறது; தற்செயலாக அவர் கிளிக் செய்துவிடுகிறார். இரண்டாமவருக்கு ஆ, கிளிக் இல்லை. மூன்றாமவருக்கு இ, கிளிக் இல்லை. இ நல்ல தலைப்பாயிற்றே என்றால், நல்ல தலைப்பையும் நூற்றுக்கு 92 பேர் தாண்டிப் போகத்தான் செய்வார்கள். அந்த மூன்றாமவர் 92இல் ஒருவர். இப்போது கணினியின் ஏட்டில் அ-வின் சராசரி 1, மற்ற இரண்டுக்கும் பூஜ்யம். நான்காமவருக்கு அ. ஐந்தாமவருக்கும் அ. நாள் போகப்போக அ-வின் சராசரி இறங்கி உண்மையான 4 சதவீதத்துக்கு வந்து சேரும். ஆனால் ஒருமுறை கிளிக் வாங்கிவிட்ட அ-வின் சராசரி எவ்வளவு இறங்கினாலும் பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ஆ-வும் இ-யும் பூஜ்யத்திலேயே நிற்கின்றன. அவற்றை மீண்டும் காட்டினால்தானே ஏற முடியும்? இப்படியாக இருப்பதிலேயே மோசமான தலைப்பு கடைசிவரை ஆட்சி செய்கிறது. தன் கணிப்பு தவறு என்பதைக் கணினி அறியப்போவதே இல்லை, ஏனென்றால் அந்தத் தவற்றைக் காட்டக்கூடிய தரவு வரும் வழியை அதுவே அடைத்துவிட்டது.

எப்சிலான்-கிரீடி இந்த அடைப்பில் ஒரு சிறு துவாரம் போடுகிறது. ஒவ்வொரு வாசகர் வரும்போதும் ஒரு குருட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். எப்சிலான் 0.1 என்று வைத்தால், பத்தில் ஒன்பது முறை இப்போதைய சராசரியில் முன்னால் நிற்பதைக் காட்டு. பத்தில் ஒருமுறை சராசரியைப் பாராமல் மூன்றில் ஏதோ ஒன்றைக் காட்டு. அவ்வளவுதான். சராசரியைப் புதுப்பிக்கப் பழைய பதிவுகளையெல்லாம் வைத்திருக்கக்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் இரண்டே எண்கள் போதும்: இதுவரை எத்தனை முறை காட்டினோம் என்பது N, அதன் சராசரி Q. புதிய விளைவு R வந்ததும் (கிளிக் என்றால் 1, இல்லையென்றால் 0) N-இல் ஒன்றைக் கூட்டிவிட்டு, இதைச் செய்ய வேண்டும்:

```
Q ← Q + (R − Q) / N
```

கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் இடையிலான வித்தியாசத்தில் ஒரு பங்கை எதிர்பார்ப்போடு சேர்க்கிறோம் என்பது இதன் பொருள். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்தில் இதன் அண்ணன் வரும்.

இப்போது நம் மூன்று தலைப்புகளுக்கு என்ன ஆகிறது? அ ஆட்சி செய்துகொண்டிருக்கிறது. ஆனாலும் முப்பது வாசகர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் இ-யும் யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பத்தாவது முறை காட்டப்படும்போது இ-க்கு முதல் கிளிக் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி ஒரே தாவலில் 10 சதவீதம். அந்த நேரத்தில் அ 4 சதவீதத்தை ஒட்டி நிற்கும்; உடனே இ முன்னால் வந்துவிடும். வந்தபின் பத்தில் ஒன்பது வாசகர்கள் அதற்கே போவதால் அதன் சராசரி வேகமாகத் தன் உண்மை மதிப்பான எட்டை நோக்கி வந்து படியும். இடையில் ஆ-வும் இப்படித் தாவிச் சிலகாலம் ஆண்டுவிட்டுப் போகலாம். ஆட்சி இரண்டு மூன்று முறை கைமாறும். பிறகு நிலைத்துவிடும்.

இந்தத் துவாரத்துக்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுவிடலாம். 10,000 வாசகர்கள் வருகிறார்கள்; இ முன்னணிக்கு வந்து நிலைத்துவிட்டது. குருட்டுச் சீட்டில் 1,000 பேர் போகிறார்கள்; மூன்று தலைப்புகளுக்கும் தலா 333 பேர். அ-வைப் பார்த்த 333 பேரிடம் நாம் இழப்பது தலைக்கு 4 சதவீதம், அதாவது 13 கிளிக். ஆ-வைப் பார்த்தவர்களிடம் 10. மொத்தம் 23 கிளிக். இதையே வழக்கமான சோதனை முறையில் 10,000 பேரையும் மூன்றாகப் பிரித்துச் செய்திருந்தால் 233 கிளிக் போயிருக்கும். வெறும் பேராசைக்காரக் கணினி அ-வில் மாட்டிக்கொண்டிருந்தால் 400. ஆனால் அந்த 23 நின்றுவிடுவதில்லை. அடுத்த 10,000 பேரிலும் 23, அதற்கடுத்ததிலும் 23. இ-தான் சிறந்தது என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிட்ட பின்பும் எப்சிலான் தன் வரியை வசூலித்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எப்சிலானை எவ்வளவு வைப்பது? ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ இருவரும் (2024ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர்கள்) தங்கள் பாடநூலில் இதற்கு ஒரு சோதனையைக் காட்டுகிறார்கள். பத்துக் கைப்பிடிகள் கொண்ட 2,000 கற்பனைச் சூதாட்டங்கள். ஒவ்வொன்றிலும் 1,000 முறை இழுப்பு. எப்சிலான் பூஜ்யமாக இருக்கும்போது, மூன்றில் ஒரு பங்குச் சூதாட்டங்களில்தான் சிறந்த கைப்பிடி அகப்பட்டது. 0.1 வைத்தபோது கணினி விரைவில் சிறந்ததைக் கண்டுபிடித்துவிடுகிறது, ஆனால் அதை இழுக்கும் விகிதம் 91 சதவீதத்தைத் தாண்டவே முடியாது: பேராசையில் 90, குருட்டுச் சீட்டில் தற்செயலாக விழும் 1. எப்சிலான் 0.01 ஆனால் கற்பது மெதுவாகும். ஆனால் நெடுங்காலம் விட்டால் 0.1-ஐ முந்திவிடும். ஆக, எவ்வளவு என்ற கேள்விக்கு விடை, நம் கையில் எத்தனை இழுப்புகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. மூன்று மணி நேரத்தில் சாகப்போகும் செய்திக்கு 0.01 என்பது கஞ்சத்தனம்.

காலம் போகப்போக எப்சிலானைக் குறைத்துக்கொண்டே வரலாமே என்று தோன்றும். தோன்றியதுதான். பீட்டர் ஆவர், செசா-பியாங்கி, ஃபிஷர் மூவரும் 2002இல், காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் எப்சிலானைக் குறைத்தால் மொத்த இழப்பு மிக மெதுவாக, மடக்கை அளவில் மட்டுமே வளரும் என்று நிறுவினார்கள். ஆனால் எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்று முடிவு செய்ய, முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிக் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் முன்னமே தீர்ந்திருக்கும்! எப்சிலானின் இன்னொரு குறை, அது கண்ணை மூடிக்கொண்டு சீட்டெடுப்பது. நூறுமுறை தோற்றுவிட்ட தலைப்புக்கும், இன்னும் சரியாகச் சோதிக்கப்படாத தலைப்புக்கும் ஒரே வாய்ப்புத் தருகிறது. குறைவாகச் சோதிக்கப்பட்டதற்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுச் சேர்க்கும் 'யுசிபி' என்ற முறை இதைச் சரிசெய்கிறது. 1933இல் தாம்சன் சொன்ன வழியும் வேறு விதத்தில் சரிசெய்கிறது. ஆனாலும் எப்சிலான் ஒழியவில்லை. ஒழியாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல.

நடைமுறையில் என்னென்ன கோளாறு வரும் என்று பார்த்தால் அந்தக் காரணம் விளங்கும். முதல் கோளாறு அற்பமானது, ஆனால் அடிக்கடி வருவது. தொடக்கத்தில் எல்லாச் சராசரிகளும் பூஜ்யமாக இருக்கும்போது எது முன்னணி? நிரல் எழுதுபவர் கவனிக்காமல் விட்டால் கணினி எப்போதும் பட்டியலின் முதல் பெயரை எடுக்கும். ஒரு கிளிக்கும் விழாத காலையில் முதல் தலைப்பே வாசகர்களை அள்ளிக்கொண்டு போகும். சமநிலையில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, செய்தி மூப்படைவது. Q-வை N-ஆல் வகுத்துப் புதுப்பிக்கிறோம் அல்லவா? ஒரு தலைப்பு பத்தாயிரம் முறை காட்டப்பட்டிருந்தால் புதிய விளைவுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எடைதான். காலையில் சூடாக இருந்த செய்தி மாலையில் ஆறிப்போனாலும் சராசரி அதை ஒப்புக்கொள்ள மறுக்கும். அதனால் 1/N-க்குப் பதிலாக 0.05 போன்று மாறாத ஒரு பின்னத்தை வைத்துக்கொள்வார்கள். பழையது தானாக மறந்துபோகும்.

மூன்றாவதுதான் ஏமாற்றுவது. காலை எட்டு மணி வாசகர்கள் எதைக் காட்டினாலும் அதிகம் கிளிக் செய்கிறார்கள், நள்ளிரவு வாசகர்கள் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அ ஆட்சியில் இருந்தது. இரவில் இ ஆட்சிக்கு வந்தது. மறுநாள் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் அ-வின் சராசரிதான் உயர்ந்து தெரியும். தலைப்பின் குணம் எது, நேரத்தின் குணம் எது என்று பிரிக்க முடியாமல் கலந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு நேர்மையான வழி, குருட்டுச் சீட்டில் போன வாசகர்களை மட்டும் தனியே எடுத்துச் சராசரி போட்டுப் பார்ப்பது. அந்த ஆயிரம் பேருக்குள் காலைக்காரர்களும் இரவுக்காரர்களும் மூன்று தலைப்புகளுக்கும் சமமாகவே பிரிந்திருப்பார்கள், ஏனென்றால் அங்கே யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மொத்த ஏடு ஒன்று சொல்லி, சீட்டு ஏடு வேறொன்று சொன்னால், சீட்டு ஏட்டையே நம்ப வேண்டும். எப்சிலானின் கண்மூடித்தனம் இங்கே குணமாகிவிடுகிறது.

யாஹூ இந்தக் குணத்தை வேறொரு பெரிய காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 2010இல் லிஹோங் லி, வெய் சூ, ஜான் லாங்ஃபோர்டு, ராபர்ட் ஷாப்பைர் நால்வரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தத் துறையில் பலரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது. வாசகர்களில் ஒரு பகுதியினருக்கு 'டுடே' பெட்டியில் முழுக்க முழுக்கச் சீட்டுப் போட்டே கட்டுரைகளைக் காட்டி, என்ன காட்டினோம், கிளிக் விழுந்ததா என்று பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் சோதித்த தரவு 3.3 கோடி நிகழ்வுகளுக்கும் மேல். எப்சிலான்-கிரீடி, யுசிபி, தாங்கள் புதிதாகச் செய்த 'லின்யுசிபி' என எல்லா முறைகளையும் இந்தப் பழைய பதிவின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள்.

நடந்து முடிந்த பதிவை வைத்து, நடக்காத ஒன்றை எப்படிச் சோதிப்பது? பதிவின் முதல் வாசகரைப் புதிய முறையிடம் காட்டி, இவருக்கு எதைக் காட்டுவாய் என்று கேட்பார்கள். அது சொல்லும் கட்டுரையும் அன்று உண்மையில் காட்டிய கட்டுரையும் ஒன்றாக இருந்தால், அன்று கிடைத்த விளைவை அதற்குச் சொல்லிக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். வேறாக இருந்தால் அந்த வாசகர் வரவே இல்லை என்று தள்ளிவிட்டு அடுத்தவருக்குப் போவார்கள். இருபது கட்டுரைகளில் சீட்டுப் போட்டுக் காட்டியதால், எந்த முறையைச் சோதித்தாலும் இருபதில் ஒருவர் தேறுவார். 20 லட்சம் பதிவில் ஒரு லட்சம் தேறும், அது தாராளம். அன்று சீட்டுப் போடாமல் ஆசிரியர் விருப்பப்படி காட்டியிருந்தால் இந்தச் சோதனையே செல்லாது.

வாசகரின் வயது, ஊர், முன்பு எதையெல்லாம் படித்தார் என்பன போன்ற தகவல்களையும் பார்த்து ஆளுக்கேற்பக் கட்டுரை தேர்ந்தது லின்யுசிபி. ஆளைப் பாராமல் எல்லாருக்கும் ஒரே சராசரி வைத்திருந்த பேண்டிட் முறையைவிட 12.5 சதவீதம் அதிகமான கிளிக் கிடைத்தது. இப்படிச் சூழலையும் பார்த்து முடிவெடுப்பதைச் 'சூழல் பேண்டிட்' என்கிறார்கள். வருகிறவர் யார் என்று பார்க்கிறோம், அவருக்கேற்ற கைப்பிடியை இழுக்கிறோம், அவர் போய்விடுகிறார். அடுத்து யார் வருவார் என்பதை நம் இழுப்பு மாற்றுவதில்லை.

இந்தக் கடைசி வரியில்தான் எல்லை இருக்கிறது. பேண்டிட் உலகில் தவறான ஓர் இழுப்புக்கு நாம் கொடுப்பது அந்த ஓர் இழுப்பின் விலை மட்டும்தான். மறுநொடி பழையபடி அதே கைப்பிடிகளின் முன்னால் நிற்கிறோம். ஆங்கிலத்தில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்று சொல்லப்படும் முழுமையான வலுவூட்டல் கற்றலில் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு செயலும் நாம் நிற்கும் இடத்தையே மாற்றுகிறது. சதுரங்கத்தில் மந்திரியை இழந்துவிட்டால், அடுத்த நகர்த்தலுக்கு மந்திரி இல்லாத பலகைதான் கிடைக்கும். பரிசும் உடனே வருவதில்லை. ஐம்பது நகர்த்தல்களுக்குப் பிறகு ஒரே ஒரு வெற்றியோ தோல்வியோ வரும். அதில் எந்த நகர்த்தலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொடுக்க வேண்டும். பேண்டிட்டில் இந்தக் கேள்வியே எழாது. இழுத்தது ஒன்று, வந்தது ஒன்று.

கிறிஸ்டோபர் வாட்கின்ஸ் 1989இல் கொடுத்த 'க்யூ-லேர்னிங்' என்ற முறையின் சூத்திரத்தை நம் பழைய வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அண்ணன் என்று சொன்னது இதைத்தான்:

```
Q(s,a) ← Q(s,a) + α [ r + γ max Q(s′,a′) − Q(s,a) ]
```

எலும்புக்கூடு அதேதான்: பழைய எதிர்பார்ப்பு, அதனோடு வித்தியாசத்தில் ஒரு பங்கு. மாறியவை இரண்டு. சராசரி இப்போது கைப்பிடிக்கு மட்டும் இல்லை. இந்த நிலையில் (s) இந்தச் செயல் (a) என்ற ஒவ்வோர் இணைக்கும் ஒன்று. இன்னொன்று, கிடைத்த பரிசோடு கூடவே, இந்தச் செயல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய புதிய நிலையிலிருந்து (s′) இனி எவ்வளவு பெறலாம் என்ற மதிப்பும் சேர்கிறது. எதிர்காலத்துக்கு எவ்வளவு எடை என்பதை காமா (γ) சொல்கிறது. காமாவைப் பூஜ்யமாக்கினால் எதிர்காலம் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது சூழல் பேண்டிட்.

யாஹூ செய்த அந்தப் பதிவுச் சோதனையை இங்கே செய்ய முயன்றால் எல்லையின் ஆழம் தெரியும். ஒரே வாசகர் அடுத்தடுத்து ஐந்து கட்டுரைகள் பார்க்கிறார், முன்னதைப் பொறுத்துப் பின்னது மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையும் பழைய சீட்டும் ஐந்து இடங்களிலும் ஒத்துப்போனால்தான் அந்தப் பயணம் தேறும். இருபதை ஐந்து முறை பெருக்கினால் 32 லட்சம். முப்பத்திரண்டு லட்சம் பயணங்களில் ஒன்றுதான் தேறும். ஒரே இழுப்பில் இருபதுக்கு ஒன்று கிடைத்த இடத்தில் இது.

எப்சிலானும் இந்த எல்லையைத் தாண்டி வலுவூட்டல் கற்றலுக்குள் போயிருக்கிறது. அங்கே அது பட்ட பாடு சுவையானது. டீப்மைண்ட் நிறுவனம் 2015இல் 'நேச்சர்' இதழில் ஒரு கற்றல் நிரலை அறிமுகப்படுத்தியது. பெயர் டிக்யூஎன். பழைய அட்டாரி வீடியோ விளையாட்டுகள் 49இல் அதை விட்டுப் பார்த்தார்கள். எதையும் சொல்லிக்கொடுக்காமல், திரையையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்து, பல விளையாட்டுகளில் அது மனிதரை மிஞ்சியது. புதியதைத் தேட அது பயன்படுத்தியது நம் எப்சிலான்-கிரீடியைத்தான்: தொடக்கத்தில் 1, அதாவது முழுக்கக் குருட்டுச் சீட்டு, முதல் பத்து லட்சம் சட்டகங்களுக்குள் படிப்படியாக 0.1.

அந்த 49இல் 'மான்டிசூமாஸ் ரிவெஞ்ச்' என்ற ஒன்றில் மட்டும் பழகிய மனிதர் 4,000க்கு மேல் எடுத்தபோது டிக்யூஎன் எடுத்த மதிப்பெண் பூஜ்யம். விளையாட்டின் முதல் அறையில் ஒரு சாவி இருக்கிறது. அதை எடுத்தால் 100 புள்ளி. அதற்கு முன் ஒரு புள்ளியும் கிடையாது. சாவிக்குப் போக ஏணியில் இறங்க வேண்டும், கயிற்றுக்குத் தாவ வேண்டும், மறுபக்கம் குதித்து இன்னோர் ஏணியில் இறங்க வேண்டும், உருண்டு வரும் மண்டையோட்டைத் தாண்ட வேண்டும், மூன்றாவது ஏணியில் ஏற வேண்டும். இடையில் ஓரிடத்தில் கால் தவறினால் சாவு, மறுபடி மேலிருந்து. நிரலோ ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 15 முறை பொத்தானை முடிவு செய்கிறது, தேர்வுகள் 18. சீட்டுப் போட்டுப் போட்டு இந்த வரிசை முழுதும் சரியாக அமைய வேண்டும். ஓர் அடி ஏணியில் இறங்கினால் அடுத்த சீட்டு மேலே ஏறச் சொல்லும். முதல் 100 புள்ளி ஒருமுறையாவது கிடைத்தால்தான் சூத்திரத்தில் r பூஜ்யத்தைத் தாண்டும். அதுவரை எல்லா Q-வும் ஒன்றுபோலவே இருக்கும். பேராசைப் பகுதிக்குப் பின்தொடர எதுவும் இல்லை.

மூன்று தலைப்புகளில் இதே எப்சிலான் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் இ-யை எட்ட ஒரே ஒரு நல்ல சீட்டு போதும். சாவியை எட்ட நூற்றுக்கணக்கான நல்ல சீட்டுகள் வரிசையாக விழ வேண்டும். அடுத்த ஆண்டே, 2016இல், மார்க் பெல்மேர் குழுவினர் வேறு வழியில் போனார்கள். இதுவரை அரிதாகப் பார்த்த திரைக்குப் போனாலே நிரலுக்குச் சிறு பரிசு கொடுத்தார்கள். முதல் கட்டத்தின் 24 அறைகளில் 15 வரை அது போய்ப் பார்த்துவிட்டது. குறைவாகச் சோதித்ததற்குக் கூடுதல் மதிப்பெண் என்ற யுசிபியின் யோசனையேதான். கைப்பிடிக்குப் பதில் நிலைக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் செய்தித் தலைப்புகள் உண்மையிலேயே பேண்டிட்தானா? கறாராகப் பார்த்தால் இல்லை. 'இதைப் பார்த்தால் அதிர்ந்துபோவீர்கள்' வகைத் தலைப்புக்கு இன்று கிளிக் விழும். உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டவர் நாளைக்கு வராமல் போகலாம். அப்போது இன்றைய இழுப்பு நாளைய வாசகர் கூட்டத்தை மாற்றிவிட்டது; அது நிலைமாற்றம்; காமா பூஜ்யமில்லை. எப்சிலான்-கிரீடிக்கு இது கண்ணில் படாது. கிளிக்கைக் கொடுத்தால் கிளிக்கைத்தான் பெருக்கும். சராசரி மேலே போவதும், திரும்பி வருகிறவர் எண்ணிக்கை கீழே போவதும் ஒரே சமயத்தில் நடந்தால் இதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாசகர்களை ஆளுக்கு ஒரு முறையென்று வாரக்கணக்கில் பிரித்து வைத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை பேர் மீண்டும் வந்தார்கள் என்று எண்ணினால் ஐயம் தீர்ந்துவிடும்.

தெரிந்த பின்பும் பெரும்பாலானோர் முழு வலுவூட்டல் கற்றலுக்குப் போவதில்லை. 32 லட்சத்துக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு அவர்களைத் தடுக்கிறது. பேண்டிட்டையே வைத்துக்கொண்டு R-ஐ மாற்றுகிறார்கள். கிளிக் செய்தால் 1 என்பதை எடுத்துவிட்டு, கிளிக் செய்து அரை நிமிடமாவது படித்தால் 1, உடனே திரும்பிவிட்டால் 0 என்று வைக்கிறார்கள். வெறும் அதிர்ச்சித் தலைப்பின் Q இரண்டு மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். எதிர்காலத்தைக் கணக்கிடும் சூத்திரம் இல்லாமலே, எதிர்காலத்தின் ஒரு துளி இன்றைய பரிசுக்குள் வந்துவிடுகிறது. அந்த அரை நிமிடம் என்ற எண்ணை மட்டும் எந்த அல்காரிதமும் சொல்லித்தராது; அதை ஆசிரியர் குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நீண்ட கட்டுரைக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் அது ஒன்றாக இருக்க முடியாது.